சோறு வழியும் சுண்டுவிரல்: சேர்வராயன் மலையில் ஒரு தொழுநோய் நிகழ்வு ஆய்வு

நோயாளி 42 வயதுப் பெண். ஏற்காடு பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் கூலி வேலை. கணவருக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை. மாமியார், மகள், மகன் என ஐந்து பேர் லைன் வீட்டில் இருக்கிறார்கள். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நேரில் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

டிசம்பரில், பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும் நேரத்தில், வலது கையில் தீக்கொப்புளத்தோடு வந்தார். சுண்டுவிரலிலும் மோதிர விரலின் வெளிப்பக்கத்திலும் கொப்புளம். அடுப்பிலிருந்து அலுமினியக் குண்டானை இறக்கும்போது பட்டதாம். "எப்போ பட்டுச்சுன்னே தெரியலைங்க சிஸ்டர், சாயங்காலம் மக பார்த்துச் சொன்னாத்தான் தெரியும்" என்றார். மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டிருந்தார்.

கொப்புளத்தைவிட அந்த வாக்கியம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சூடு பட்டால் கை தானாகப் பின்னால் இழுக்கும். இழுக்கவில்லை என்றால், அந்த இடத்திலிருந்து மூளைக்குச் சேதி போகவில்லை. சர்க்கரை நோயிலும் அப்படி நடக்கும், ஆனால் அது பெரும்பாலும் இரண்டு காலிலும் சமமாகத் தொடங்கி மேலே ஏறும். இவருக்கோ ஒரே கையில், அதிலும் சுண்டுவிரலும் பாதி மோதிர விரலும் மட்டும். முழங்கையின் உட்புறம் ஓடும் அல்நார் நரம்பின் எல்லை மிகச் சரியாக அதுதான்.

பரிசோதனையில் கண்டது

ரவிக்கையைத் தளர்த்திப் பார்த்தபோது முதுகிலும் புஜத்திலும் வெளிறிய படைகள், எண்ணினால் எட்டு. பல வருடமாகத் தேமல் என்று நினைத்து விட்டிருக்கிறார். அரிப்பு இல்லை, வலி இல்லை, வியர்வையும் இல்லை. பஞ்சு நுனியால் தொட்டால் ஓரிரு படைகளில் தெரியவில்லை. உணர்ச்சியற்ற படையும் தடித்த நரம்பும் ஒன்றாக இருந்தால் தொழுநோய் என்று உறுதி செய்ய அதுவே போதும். படை ஐந்துக்கு மேல் போனாலே அதிகக் கிருமி வகை என்று கணக்கு.

நரம்பைத் தொட்டுப் பார்ப்பதில் ஒரு முறை இருக்கிறது. முழங்கையைச் சற்று மடக்கி, உட்புற எலும்பு முனைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரல் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். அப்போது கண் நம் விரலில் இருக்கக் கூடாது, நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். வலி இருந்தால் வாய் சொல்வதற்கு முன் முகம் சுளிக்கும். அக்காவின் வலது முழங்கையில் நரம்பு கயிறு மாதிரி உருண்டது, இடப்பக்கத்தைவிடத் தெளிவாகத் தடிப்பு. முகம் மட்டும் அசையவில்லை. வலி இல்லாதது நல்ல செய்தி என்று குறித்துவிட்டுப் போனால் பெரிய தப்பு. அதற்குக் காரணம் நான்காம் மாதத்தில் தெரிந்தது.

கைக்கு 2 கிராம், காலுக்கு 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழைகளால் உள்ளங்கையிலும் பாதத்திலும் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு, தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். சுண்டுவிரலில் ஒன்றும் தெரியவில்லை. இடது பாதத்தில் கட்டைவிரல் அடியிலும் குதிகாலிலும் தெரியவில்லை. கணுக்கால் உட்புறத்துக்குப் பின்னால் ஓடும் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கிறது. கட்டைவிரல் அடியில் ஒரு தடித்த காய்ப்பு, அதன் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு நிழல். காய்ப்புக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். மேலே தோல் மூடியிருந்தாலும் உள்ளே புண் தொடங்கிவிட்டது.

தசை பலத்தையும் பார்த்தோம். சுண்டுவிரலை வெளிப்பக்கமாக விரிக்கச் சொல்லி, அடிக்கணுவில் நாம் உள்ளே தள்ளினோம், தாங்கியது. கட்டைவிரலைத் தூக்குவது, மணிக்கட்டை உயர்த்துவது, பாதத்தை மேலே மடக்குவது, கண்ணை இறுக மூடுவது எல்லாம் பலமாகவே இருந்தன. 'பலம்' என்று அட்டையில் எழுதினேன். பின்னால் எல்லாமே அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நகர்ந்தது. முதல் நாள் அட்டை இல்லாவிட்டால், நான்காம் மாதத்துக் கையை எதோடு ஒப்பிடுவது?

டாக்டர் கூட்டு மருந்தைத் தொடங்கினார். பன்னிரண்டு மாதம். ஒவ்வொரு மாதத் தவணையின் முதல் நாளிலும் எங்கள் கண்முன் ரிஃபாம்பிசின் 600 மி.கி., குளோஃபாசிமின் 300 மி.கி., டாப்சோன் 100 மி.கி. மீதி நாளெல்லாம் வீட்டில் குளோஃபாசிமின் 50, டாப்சோன் 100. முதல் நாளன்று சிறுநீர் சிவப்பாகப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டோம். சொல்லாவிட்டால் மாத்திரை அட்டை அடுப்புக்குள் போய்விடும்.

நான்காம் மாதம்

மார்ச்சில் வழக்கமான சோதனை. படைகள் மங்க ஆரம்பித்திருந்தன, அக்காவுக்குச் சந்தோஷம். எந்தக் குறையும் சொல்லவில்லை. சுண்டுவிரலை விரிக்கச் சொல்லித் தள்ளினேன், மடங்கிவிட்டது. விரல்களுக்கிடையே ஒரு காகிதத்தை வைத்து இழுத்தால் இடக்கையில் பிடி நின்றது, வலக்கையில் காகிதம் சும்மா வந்தது. இழையில் மோதிர விரல் பக்கம் உள்ளங்கையில் இன்னும் இரண்டு புள்ளிகள் போயிருந்தன. நரம்பை உருட்டினால் அப்போதும் முகம் சுளிக்கவில்லை.

இதைத்தான் ஓசையில்லாத நரம்பு அழற்சி என்கிறோம். கிருமி செத்துக்கொண்டிருக்கும்போதே, செத்த கிருமியின் மிச்சத்தை எதிர்த்து உடல் நடத்தும் சண்டையில் நரம்பு வீங்கி நசுங்குகிறது. சிலருக்குத் தாங்க முடியாத வலியோடும் படை சிவந்து வீங்கியும் வரும், அவர்கள் ஓடி வந்துவிடுவார்கள். வலியில்லாமல் வருபவரைத்தான் நாம் தேடிப் பிடிக்க வேண்டும். மருந்து ஒழுங்காகப் போகிறது, தோல் தேறுகிறது, ஆகவே நோய் குறைகிறது என்று தோல் சொல்லும். கை வேறு கதை சொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

பலம் குறைந்தது அக்காவுக்கு ஏன் தெரியவில்லை? காப்பிப் பழம் பறிப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுதான் வேலை செய்கின்றன, சுண்டுவிரல் சும்மா கூட வருகிறது. கூலி குறையவில்லை, எடையும் குறையவில்லை. எனவே வேறு விதமாகக் கேட்டேன்: "சோறு பிசைஞ்சு அள்ளும்போது எப்படி இருக்குக்கா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாசி மாசத்துல இருந்து ரசஞ்சோறு கையில நிக்க மாட்டேங்குது, ஓரமா வழிஞ்சிடுது" என்றார். சோற்றை அள்ளும்போது விளிம்பை அணைத்து நிற்பது சுண்டுவிரல்தான். அது தளர்ந்தால் முதலில் வழிவது ரசம். மாசி என்றால் சில வாரங்களே ஆகியிருக்கின்றன. ஆறு மாதத்துக்குள் வந்த பலக்குறைவு என்றால் மருந்துக்கு நரம்பு மீள வாய்ப்பு நன்றாகவே உண்டு. அதைத் தாண்டினால் அந்த வாய்ப்பு வேகமாகக் கரைகிறது.

அன்றே டாக்டரிடம் அனுப்பினோம். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, காசநோய் அறிகுறி இல்லை என்று உறுதி செய்து, பூச்சி மாத்திரை கொடுத்த பிறகு பிரெட்னிசோலோன் தொடங்கியது. காலையில் சாப்பிட்ட பிறகு ஒரே வேளையாக 40 மி.கி., இரண்டு வாரம். பிறகு இரண்டிரண்டு வாரமாக 30, 20, 15, 10, 5. மொத்தம் 12 வாரம். சிலருக்கு இதைவிட நீட்ட வேண்டியிருக்கும். இரண்டு விஷயத்தை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். கூட்டு மருந்தை நிறுத்தக் கூடாது, இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். பிரெட்னிசோலோனைச் சட்டென்று விடவும் கூடாது, கடையில் தானாக வாங்கி நீட்டவும் கூடாது.

மாத்திரையோடு கைவேலையும் உண்டு. தொடையின் மேல் கையை மல்லாத்தி வைத்து, மறு கையால் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் மெதுவாக நீட்டிப் பத்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். எண்ணெய் தடவிக்கொண்டு செய்தால் தோல் வெடிக்காது. தசை தளர்ந்த விரல் மடங்கியே கிடந்தால் மூட்டு இறுகிவிடும். பிறகு நரம்பு மீண்டாலும் விரல் நிமிராது. இரவில் விரல்களை நீட்டி வைக்கும் தாங்கி ஒன்றைச் சேலத்தில் இயன்முறை மருத்துவர் செய்து கொடுத்தார்.

திருவிழாவும் புண்ணும்

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. அதற்குச் சில வாரம் முன்பிருந்தே அக்கா குளோஃபாசிமினை நிறுத்தியிருந்தார் என்று மாத்திரை அட்டையைப் பார்த்தபோது தெரிந்தது. டாப்சோன் காலி, குளோஃபாசிமின் அப்படியே இருந்தது. காரணம் நிறம். அந்த மாத்திரை தோலைக் கருக்கவைக்கும், வறளவும் வைக்கும். திருவிழாவுக்கு வரும் சொந்தக்காரர்கள் "என்னடி இப்படிக் கருத்துட்டே" என்று கேட்டால் என்ன சொல்வது? இந்தப் பயத்தைச் சில்லறை விஷயம் என்று நான் ஒதுக்க மாட்டேன், ஏனென்றால் மருந்து நிற்கும் இடமே அதுதான். திட்டவில்லை. நிறம் மருந்தால் வருவது, மருந்து முடிந்தபின் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தெளியும் என்று சொன்னேன். கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று இருவரும் சேர்ந்து யோசித்தோம். "நரம்புக்கு மாத்திரை சாப்பிடறேன், அதுல கருக்கும்" என்று முடிவானது. பொய்யில்லை, அதற்கு மேல் யாருக்கும் விளக்க வேண்டியதும் இல்லை.

இன்னொரு விஷயத்தை அவர் சொல்லாமலே கண்டுபிடித்தோம். விழாவுக்கு மலைமேல் வெறுங்காலோடு ஏறியிருக்கிறார், மே வெயிலில் சுட்ட பாறையில். கட்டைவிரல் அடிக் காய்ப்பு வெடித்து, ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். வலியில்லை என்பதால் அதோடேயே ஒரு வாரம் வேலைக்கும் போயிருக்கிறார்.

பிரெட்னிசோலோன் சாப்பிடுபவருக்குப் புண் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடித்தாலும் சிவப்பும் காய்ச்சலும் அடங்கியே இருக்கும். ஆகவே நாற்றம், கசிவு, பாதத்தின் மேற்பக்க வீக்கம், தொடையிடுக்கில் நெறி கட்டுவது ஆகியவற்றைத் தேடிப் பார்த்தோம். மழுங்கிய கம்பியை உள்ளே விட்டபோது எலும்பு தட்டவில்லை. தட்டியிருந்தால் அன்றே சேலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பியிருப்போம். நோய்த்தொற்று அறிகுறி இல்லாததால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படவில்லை. விளிம்புக் காய்ப்பைச் சீவி, உப்பு நீரில் கழுவி, ஈரம் காயாத கட்டுப் போட்டோம். வீட்டில் பிளேடு எடுத்துச் சீவக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

ஆனால் இந்தப் புண்ணுக்கு மருந்து, கட்டு இரண்டுமே துணைக்குத்தான். கிருமி சதையைத் தின்பதால் வருகிற புண் இல்லை இது. உணர்ச்சியில்லாத காலை ஒரே இடத்தில் மறுபடி மறுபடி ஊன்றுவதால் வருவது. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் கடைசியிலிருந்து செய்த வேலையின் சாரம் இதுதான். தொழுநோயில் விரல் 'அழுகி விழுவதில்லை', வலி தெரியாத கை காலில் காயம் மேல் காயம் பட்டுத் தேய்கிறது. அவருடைய நோயாளிகளில் சிலருக்கு இரவில் விரல் காணாமல் போனதற்குக் காரணம் எலி என்று கண்டுபிடித்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். லைன் வீடுகளிலும் எலி உண்டு. படுக்கும்போது காலுறை, மேலே கொசுவலையை ஓரம் சொருகிக் கட்டுவது என்று அக்கா வீட்டில் பழக்கினோம்.

அப்படியானால் புண்ணுக்கு முதல் மருந்து கால் ஊன்றாமல் இருப்பதுதான். கூலி வேலைக்காரரிடம் 'ஓய்வெடுங்கள்' என்று எழுதிக் கொடுத்தால் அது காகிதத்தோடு நிற்கும். அக்காவின் சம்மதத்தோடு தோட்டத்து ரைட்டரிடம் 'காலில் புண், ஆறும்வரை நடக்கக் கூடாது' என்று மட்டும் பேசினேன். நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை கிடைத்தது, உட்கார்ந்து செய்வது. அதிலும் ஒரு பள்ளம் இருந்தது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கணுக்காலின் வெளி எலும்பு தரையில் அழுந்தும். உணர்ச்சியில்லாத காலில் அங்கேயும் புண் வந்துவிடும். மணையில் உட்கார்ந்து, இடது காலை மடித்த சாக்கின் மேல் நீட்டிக்கொள்ளும்படி செய்தோம். புண் ஆற ஏழெட்டு வாரம் ஆனது.

செருப்பில்தான் அதிக நேரம் போயிற்று. ரப்பர் செருப்பை விரலிடுக்கால் கவ்விப் பிடித்து நடக்க வேண்டும், மரத்த காலில் அது கழன்று விழுந்தாலும் தெரியாது. உள்ளே மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், பின்னால் வார், ஆணி ஒன்றுகூட இல்லாமல் ஒட்டித் தைத்தது, இதுதான் வேண்டும். அரசு தரும் கறுப்புச் செருப்பை அக்கா வாங்கிக்கொண்டார், போடவில்லை. "அதைப் போட்டா ஊருக்கே தெரியும்." சரியான பேச்சு. காலைக் காக்கும் செருப்பே நோயைப் பறைசாற்றுகிறது. கடையில் விற்கும் சாதாரணப் பெண்கள் சாண்டல் ஒன்றை ஒரு அளவு பெரிதாக வாங்கி, உள்ளே எம்.சி.ஆர். பொருத்தித் தைத்துக் கொடுத்தோம். போட்டார்.

தினசரிப் பராமரிப்புக்கு நாடக நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம். டி.வி. பார்த்தபடியே சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் கை, கால் ஊற வேண்டும். பிறகு காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஈரம் துடைக்காமல் எண்ணெய் தடவ வேண்டும், அப்போதுதான் உள்ளே போன தண்ணீர் தங்கும். வியர்க்காத தோல் வெடிப்பதைத் தடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. பாதம் புண்ணாக இருந்த வாரங்களில் அதை மட்டும் ஊறவைக்காமல் விட்டோம். மலைக் குளிருக்கு எல்லோரும் வெந்நீர்தான் கேட்பார்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம், குளிக்கும் தண்ணீரைக்கூட மகள் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். மார்கழியில் அடுப்போரம் காலை நீட்டிக் குளிர் காய்வதும் கூடாது. அடுப்பில் இடுக்கி, கனத்த துணி, கட்டைப் பிடி போட்ட கரண்டி. காப்பி டம்ளருக்கும் துணி.

தனித் தட்டு

நோயின் பெயர் தெரிந்த நாளிலிருந்தே மாமியார் அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய் வைத்துவிட்டார். கொடுமைக்காரி இல்லை அவர். சின்ன வயதில் ஊருக்கு வெளியே குடிசை போட்டு வைக்கப்பட்ட ஒருவரைப் பார்த்தவர். 'பயப்படாதீங்க பெரியம்மா' என்றால் அந்தப் பயம் போகாது. அவர் வழியிலேயே கணக்குப் போட்டோம். படை வந்தே பல வருடமாகிறது. அத்தனை வருடமும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்தீர்கள், அப்போதுதான் உடம்பில் கிருமி உயிரோடு இருந்தது. முதல் மாதத் தவணை உள்ளே போனதிலிருந்து பிறருக்குப் பரப்ப முடியாது. இது தட்டிலோ பாயிலோ தொற்றுவதும் இல்லை. சிகிச்சை எடுக்காதவரோடு வெகுகாலம் நெருங்கி வாழும்போது மூச்சுக்காற்று வழியாகப் பரவுவது, அப்போதும் பெரும்பாலானவர்கள் உடம்பு அதை எதிர்த்துவிடும். அப்படியிருக்க, தனித் தட்டு யாரைக் காப்பாற்றுகிறது?

வீட்டில் நால்வரையும் தலை முதல் கால் வரை பார்த்தோம், யாருக்கும் படை இல்லை. தடுப்பாக ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுக்க வேண்டும். மாமியாருக்கு இருமல் இருந்தது. காசநோய் இருந்து, இந்த ஒற்றை மருந்தை மட்டும் கொடுத்தால் ஆபத்து. சளிப் பரிசோதனையில் இல்லை என்று வந்த பிறகே கொடுத்தோம். லைனில் உள்ள மற்றவர்களை 'தோல் பரிசோதனை' என்று பொதுவாக அழைத்து எல்லா வீட்டையும் பார்த்தோம். ஒரு வீட்டை மட்டும் பார்த்தால் அந்த வீட்டின் மேல் முத்திரை விழும்.

நாத்தனார் ஒருவர், "இந்த வியாதின்னா கோர்ட்டே பிரிச்சு விட்டுடும்" என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு காலத்தில் அது உண்மைதான். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த பிரிவுகளை 2019இல் நீக்கிவிட்டார்கள், 1898இன் பழைய தொழுநோயாளர் சட்டமும் 2016இல் போய்விட்டது. கணவர் கேட்டுவிட்டு, "நான் அப்படிக் கேக்கவே இல்லைங்களே" என்றார். அவருக்குத் தேவைப்படாத சட்டம், நாத்தனார் வாயை அடைக்கப் பயன்பட்டது.

கட்டுக் கட்டும் நாளில் அக்காவின் பாதத்தை என் மடியில் வைத்துக்கொண்டு, மாமியாரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது கடினம், கண்ணாடி வைத்தாலும் வெடிப்பு தப்பிவிடும். "உங்க கண்ணுதான் வேணும் பெரியம்மா. சிவப்பு, சூடு, வீக்கம், இதுல எது இருந்தாலும் ரெண்டு நாள் நடக்க விடாதீங்க." முதலில் தொடாமல் பார்த்தார். இரண்டாவது வாரத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். ஒரு நாள் குதிகாலில் ஏறியிருந்த முள்ளைக் கண்டுபிடித்தது அவர்தான். தனிப் பாய் அதற்குள் போய்விட்டிருந்தது. தனி டம்ளர் மட்டும் இன்னும் இருக்கிறது.

இப்போதைய நிலை

பிரெட்னிசோலோன் முடிந்தபோது சுண்டுவிரல் மறுபடி தள்ளலைத் தாங்கியது. இடக்கை அளவுக்கு இல்லை, ஆனால் ரசம் வழிவதில்லை. மார்ச்சில் போன இரண்டு புள்ளிகளில் ஒன்று திரும்பியது. சுண்டுவிரலின் உணர்ச்சியும் பாதத்தின் உணர்ச்சியும் திரும்பவில்லை. அவை டிசம்பருக்கு வெகுமுன்பே போனவை, திரும்பும் என்று அக்காவிடம் நாங்கள் சொல்லவும் இல்லை. கூட்டு மருந்து, விட்ட நாட்களையும் சேர்த்து, பன்னிரண்டு அட்டையும் முடிந்துவிட்டது. கிருமிக் கணக்கில் அவர் குணமானவர்.

கூட்டு மருந்து முடிந்த பிறகும் இரண்டு மூன்று வருடம் வரை நரம்பு அழற்சி வரலாம். அதனால் சோதனை அட்டையை மூடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இழை, அதே காகிதம், அதே தள்ளல். இடையில் சோறு வழிந்தாலோ, செருப்பு காலிலிருந்து கழன்றாலோ, கண் மூட முடியாமல் போனாலோ, தேதிக்குக் காத்திராமல் அன்றே வர வேண்டும் என்று பேச்சு. அடுத்த பறிப்புக்கு அக்கா போகிறார், வலது சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் துணி உறை போட்டுக்கொண்டு.